சதுர அலையைச் சைன் உறுப்புகளால் கட்டும்போது முதல் உறுப்பின் வீச்சு ஏன் 1-ஐ விடப் பெரியதாக இருக்கிறது?

குறிப்பேடு எழுதியது:

முதலாம் ஆண்டுப் பொறியியல் கணிதத்திற்காக ஃபூரியே தொடர் பற்றிய வகுப்புக் குறிப்புகளைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். வழக்கமாக a₀, aₙ, bₙ ஆகியவற்றின் தொகையீட்டு வாய்பாடுகளை முதலில் எழுதிவிட்டு, பிறகு சதுர அலையை எடுத்துக்காட்டாகத் தருவோம். இம்முறை அதைத் தலைகீழாக மாற்றி, ஒரே ஒரு சதுர அலையை எடுத்துக்கொண்டு, சைன் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அதைக் கட்டிக் காட்டிய பிறகே வாய்பாட்டுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். நான் எடுத்துக்கொண்ட அலை, 0 முதல் π வரை +1 ஆகவும், −π முதல் 0 வரை −1 ஆகவும் இருந்து, 2π தொலைவுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவது. அதன் தொடர் எல்லோரும் அறிந்ததுதான்.

```
f(x) = (4/π) [ sin x + (1/3) sin 3x + (1/5) sin 5x + ... ]
```

எனக்கு இரண்டு இடங்களில் தயக்கம் இருக்கிறது. முதலாவது, அலையின் உயரமோ 1. ஆனால் நாம் சேர்க்கும் முதல் சைனின் வீச்சு 4/π, அதாவது 1.273. தொடக்கத்திலேயே உயரத்தை மீறுகிற ஒன்றை ஏன் தேர்ந்தெடுக்கிறோம் என்று மாணவர் கேட்டால், தொகையீட்டைக் காட்டாமல் என்ன சொல்வது? இரண்டாவது, பழைய குறிப்பின் கடைசி வரி "உறுப்புகளின் எண்ணிக்கை கூடக் கூட வளைவு சதுர அலையாகவே மாறிவிடும்" என்று இருக்கிறது. அதை அப்படியே விடலாமா என்று தெரியவில்லை.

தொகையீட்டாளர் எழுதியது:

உங்கள் முதல் கேள்வியைச் சரியாகக் கையாண்டால் ஃபூரியே தொடரின் பாதிக் கருத்து அங்கேயே விளங்கிவிடும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாணவரிடம் சைன் உறுப்பு ஒன்றை மட்டும் கொடுத்து, அதன் வீச்சை a என்று வைத்து, சதுர அலைக்கு இயன்ற அளவு நெருங்கி வருமாறு a-யைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் 1 என்றுதான் சொல்வார்கள், ஏனெனில் உச்சி உயரத்தோடு பொருந்துவது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் வீச்சு 1 ஆக இருக்கும் சைன், உச்சி தவிர மற்ற எல்லா இடங்களிலும் சதுரத்துக்குக் கீழேயே கிடக்கிறது. 0-க்கு அருகிலும் π-க்கு அருகிலும் பெரிய வெற்றிடத்தை விட்டுவைக்கிறது. வீச்சைச் சற்று உயர்த்தினால் நடுவில் கொஞ்சம் மீறும், ஆனால் இரு தோள்களிலும் உள்ள வெற்றிடம் குறையும். எவ்வளவு உயர்த்தினால் மொத்தத்தில் லாபம் என்பதுதான் கணக்கு.

பிழையின் வர்க்கச் சராசரியை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். 0 முதல் π வரை sin x-இன் சராசரி 2/π, sin²x-இன் சராசரி 1/2. ஆகவே (1 − a sin x)² என்பதன் சராசரி இப்படி வரும்:

```
E(a) = 1 − (4/π) a + a²/2
```

இது a-யில் ஒரு சாதாரண இருபடிக் கோவை; அதன் தாழ்ந்த புள்ளி a = 4/π என்ற இடத்தில் இருக்கிறது. a = 1 என்று வைத்தால் பிழை 0.227, a = 4/π என்று வைத்தால் 0.189. எந்தக் கெழு வாய்பாட்டையும் மனப்பாடம் செய்யாமலேயே மாணவருக்கு 4/π கிடைத்துவிடுகிறது, அது ஏன் 1-ஐ விடப் பெரியது என்பதும் கூடவே புரிந்துவிடுகிறது.

அடுத்து sin 3x. இதன் வேலையைப் படத்தில் மூன்று இடங்களில் மட்டும் சுட்டிக்காட்டினால் போதும். x = π/2 என்ற நடுப்புள்ளியில் முதல் உறுப்பு 1.273 என்று மீறி நிற்கிறது. அங்கே sin 3x-இன் மதிப்பு −1 என்பதால், 4/(3π), அதாவது 0.424 அளவு கீழே இழுத்து 0.849-இல் கொண்டுவந்து நிறுத்துகிறது. x = π/6 என்ற தோளில் முதல் உறுப்பு 0.637 மட்டுமே தருகிறது. அங்கே sin 3x-இன் மதிப்பு +1 என்பதால், அதே 0.424 அளவு மேலே தூக்கி 1.061 ஆக்குகிறது. x = π/3-இல் sin 3x சுழி, எனவே அங்கே எதுவும் மாறுவதில்லை. நடுவை அமுக்கித் தோள்களைத் தூக்குவது என்ற ஒரே செயலைத்தான் அடுத்தடுத்த உறுப்புகளும், இன்னும் நுணுக்கமான அளவில், மாறி மாறிச் செய்கின்றன.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை நீங்களே எழுப்பிவிடுவது நல்லது. sin 3x-ஐச் சேர்த்த பிறகு, ஏற்கெனவே தேர்ந்தெடுத்த 4/π-ஐத் திருத்த வேண்டுமா? வேண்டியதில்லை. sin x · sin 3x என்பதை (cos 2x − cos 4x)/2 என்று எழுதினால், 0 முதல் π வரை அதன் சராசரி சுழி என்பது உடனே தெரியும். அதனால் இரண்டு உறுப்புகளையும் சேர்த்துப் பிழையை எழுதும்போது, இரண்டு வீச்சுகளும் பெருக்கமாகக் கலந்து வரும் பகுதி மறைந்துவிடுகிறது, ஒவ்வொரு வீச்சையும் மற்றவற்றைப் பொருட்படுத்தாமல் தனியாகவே தீர்மானிக்க முடிகிறது. இருபடிக் கோவையைத் தரவுகளுக்குப் பொருத்திவிட்டு, பிறகு முப்படி உறுப்பைச் சேர்த்தால் பழைய கெழுக்கள் பொதுவாக மாறிவிடும் என்பதை மாணவர்கள் ஆய்வகத்தில் பார்த்திருப்பார்கள். சைன்களிடம் அந்தத் தொல்லை இல்லை. "செங்குத்துத்தன்மை" என்ற சொல்லை இதற்குப் பிறகு அறிமுகப்படுத்தினால், அது எதற்காக வேண்டியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

இரட்டைப்படை உறுப்புகள் ஏன் இல்லை என்பதையும் இதே படத்திலேயே சொல்லிவிடலாம். 0 முதல் π வரையுள்ள பகுதியில் சதுர அலை π/2-க்கு இருபுறமும் ஒரேபோல் இருக்கிறது. Sin 2x-ஓ இடப்பக்கம் மேலும் வலப்பக்கம் கீழும் போகிறது. ஒருபுறம் செய்யும் உதவியை மறுபுறம் கெடுத்துவிடுவதால், அதற்கு எந்த வீச்சைக் கொடுத்தாலும் பிழை கூடவே செய்யும்.

புதுவரவு எழுதியது:

நான் இப்போதுதான் இந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவி. நீங்கள் எழுதியது புரிந்தது, ஆனால் எனக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அந்த அலை 0-க்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே போகிறது, அதோடு ஆதிப்புள்ளி விளிம்பில் இல்லாமல் மேல்தட்டின் நடுவில் இருக்கிறது. அதனால் சைனுக்குப் பதில் கொசைன் வரும் என்று கொண்டு, எல்லா ஒற்றைப்படைக் கொசைன்களையும் 1, 1/3, 1/5 என்ற வீச்சுகளோடு கூட்டி வரைந்தேன். தட்டையான மேல்தட்டு வருவதற்குப் பதிலாக, ஆதிப்புள்ளியில் ஊசி போல ஒரு முனை எழும்பி நிற்கிறது. உறுப்புகளைக் கூட்டினால் அது இன்னும் உயர்கிறது. இதுதான் நீங்கள் சொல்லும் "மீறல்" என்பதா?

தொகையீட்டாளர் எழுதியது:

இல்லை, இது வேறு. உங்கள் வரைபடத்தில் குறிகள் விடுபட்டிருக்கின்றன. சதுர அலையைக் கால் சுழற்சி, அதாவது π/2 அளவு, இடப்பக்கம் நகர்த்தினால் sin x என்பது cos x ஆகிறது. ஆனால் sin 3x-க்குள் அந்த நகர்வு மூன்று மடங்காகப் போவதால் அது −cos 3x ஆகிறது. Sin 5x மீண்டும் +cos 5x ஆகிறது. ஆகவே குறிகள் மாறி மாறி வர வேண்டும்:

```
v(x) = 2.5 + (10/π) [ cos x − (1/3) cos 3x + (1/5) cos 5x − ... ]
```

2.5 என்பது அலையின் சராசரி மதிப்பு. அரை உயரம் 2.5 என்பதால் 4/π-ஐ அதனால் பெருக்கி 10/π கிடைக்கிறது.

எல்லாக் குறிகளையும் கூட்டல் என்று வைத்தால், x = 0-இல் எல்லாக் கொசைன்களும் ஒரே நேரத்தில் 1 ஆகின்றன. அங்கே உங்களுக்குக் கிடைப்பது 1 + 1/3 + 1/5 + ... என்ற, எல்லையே இல்லாமல் வளரும் தொகை. ஐந்து உறுப்புகளுக்கு அது 1.787, பிறகு மெதுவாக ஆனால் நிற்காமல் ஏறும். உறுப்புகளைக் கூட்டக் கூட ஒரு முனையின் உயரம் ஏறிக்கொண்டே போனால், கணக்கில் குறிப்பிழை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். உண்மையான மீறல் அப்படி வளராது. அது விளிம்பை ஒட்டி மட்டுமே வரும், தட்டின் நடுவில் வராது.

புதுவரவு எழுதியது:

குறிகளை மாற்றியதும் மேல்தட்டு சரியாக வந்துவிட்டது. விளிம்புகளை ஒட்டிச் சிறிய கொம்புகள் மட்டும் இருக்கின்றன. நன்றி ஐயா.

வரைவோன் எழுதியது:

அந்தக் கொம்புகளைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. உறுப்புகள் குறைவாக இருப்பதால்தான் அவை வருகின்றன. குறிப்பேடு அவர்களின் கடைசி வரி சரியானதே. நான் 500 உறுப்புகளை எடுத்துக்கொண்டு, அதாவது n = 999 வரை, வரைந்து பார்த்தேன்; கொம்பு என்று எதுவுமே இல்லை. பெரும மதிப்பை அச்சிட்டுப் பார்த்ததில் அது 1-ஐக் கூடத் தாண்டவில்லை. நிரல் இதோ:

```python
import numpy as np
x = np.linspace(-np.pi, np.pi, 201)
s = 0*x
for n in range(1, 1000, 2):
    s = s + (4/np.pi)*np.sin(n*x)/n
print(s.max())
```

விளிம்பை ஒட்டி வரும் இந்த மீறலுக்குப் பெயரிட்டு எல்லோரும் பயமுறுத்துகிற கிப்ஸ் விளைவு, நடைமுறையில் ஐந்தாறு உறுப்புகளோடு நிறுத்துகிறவர்களின் பிரச்சினை மட்டுமே.

தொகையீட்டாளர் எழுதியது:

நிரலில் உள்ள 201 என்ற எண்ணை 20001 என்று மாற்றி மீண்டும் ஓட்டிப் பாருங்கள், நண்பரே. 1.179 வரும்.

காரணம் இதுதான். N உறுப்புகளின் கூட்டுத்தொகையை வகையிட்டால், (4/π)(cos x + cos 3x + ...) என்ற தொகை கிடைக்கும், அதைச் சுருக்கினால் (2/π) · sin(2Nx)/sin x என்று வரும். இது சுழியாகும் இடங்கள் π/(2N)-இன் மடங்குகள். முதல் மடங்கில் மேடு, இரண்டாவதில் பள்ளம், மூன்றாவதில் மேடு என்று மாறி மாறி வரும். உங்கள் N 500 என்பதால் முதல் மேடு x = π/1000 என்ற இடத்தில் இருக்கிறது. 201 புள்ளிகளோடு நீங்கள் அளந்ததோ π/100 இடைவெளியில். விளிம்புக்கு அடுத்த உங்கள் முதல் புள்ளி, மேட்டைத் தாண்டிப் பத்து மடங்கு தொலைவில் விழுகிறது.

அதைவிட வேடிக்கையானது ஒன்று உண்டு. π/100 என்பது π/1000-இன் பத்து மடங்கு. பத்து இரட்டைப்படை எண். ஆகவே நீங்கள் எடுத்த புள்ளிகளில் ஒவ்வொன்றும் சரியாக ஒரு பள்ளத்தின் அடியில் போய் விழுகிறது. முதல் புள்ளியில் மதிப்பு ஏறத்தாழ 0.98, அடுத்ததில் 0.99, இப்படியே 1-ஐ நோக்கிக் கீழிருந்தே ஏறுகிறது. அதனால்தான் பெரும மதிப்பு 1-ஐத் தொடவே இல்லை. 500-ஐயும் 201-ஐயும் யாராவது சேர்ந்தாற்போலத் தேர்ந்தெடுத்தால், மேடுகளே இல்லாத ஒரு வளைவு கண்ணுக்குத் தெரிவது தவிர்க்க முடியாதது. எத்தனை உறுப்புகள் எடுத்தாலும், மிக உயர்ந்த ஹார்மோனிக்கின் ஒரு சுழற்சிக்குள் குறைந்தது இருபது புள்ளிகளாவது விழும்படி வரைந்தால் இந்த ஏமாற்றம் வராது.

மேட்டின் உயரத்தைக் கையாலேயே கணக்கிடலாம். ஓர் உறுப்புக்கு 1.273. இரண்டு உறுப்புகளுக்கு மேடு x = π/4-இல், 1.200. மூன்றுக்கு π/6-இல், 1.188. ஐந்துக்கு π/10-இல், 1.182. இறக்கம் விரைவாகக் குறைந்து 1.179-க்கு மேலேயே நின்றுவிடுகிறது. அந்த எல்லை மதிப்பு, sin t / t என்பதை 0 முதல் π வரை தொகையிட்டு 2/π-ஆல் பெருக்கினால் வருவது. மேடு விளிம்பை நெருங்கி நெருங்கி ஒடுங்குகிறது, ஆனால் உயரம் குறைவதில்லை.

இதைக் கண்டுகொள்வதில் பெரியவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். மைக்கல்சனும் ஸ்ட்ராட்டனும் 1898-இல் 80 ஹார்மோனிக்குகளைக் கூட்டி வரையும் இயந்திரம் ஒன்றைப் பற்றி வெளியிட்டார்கள். அதே ஆண்டு மைக்கல்சன் தொடரின் குவிதல் குறித்து எழுதிய கடிதத்திலிருந்து 'நேச்சர்' இதழில் விவாதம் எழுந்தது. அதில்தான் 1899-இல் கிப்ஸ் இந்த மேட்டின் உயரத்தைத் தெளிவுபடுத்தினார். வில்பிரஹாம் என்பவர் 1848-லேயே இதை எழுதியிருந்தார் என்பது பிறகுதான் கவனத்துக்கு வந்தது.

வரைவோன் எழுதியது:

20001 புள்ளிகளோடு ஓட்டினேன், 1.179 வருகிறது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் நான் படித்த எல்லா இடங்களிலும் மீறல் 9 சதவீதம் என்றுதான் இருக்கிறது. நீங்களோ கிட்டத்தட்ட 18 சதவீதம் சொல்கிறீர்கள். இரண்டில் ஒன்று தவறாக இருக்க வேண்டும்.

தொகையீட்டாளர் எழுதியது:

இரண்டும் சரிதான், வகுக்கும் எண்தான் வேறு. −1 இலிருந்து +1 வரை தாவல் 2, மீறல் 0.179, தாவலோடு ஒப்பிட்டால் 8.95 சதவீதம். அரை உயரமான 1-ஓடு ஒப்பிட்டால் 17.9 சதவீதம். தாவலோடு ஒப்பிடுவதே நல்ல வழக்கம், ஏனெனில் அப்போது அலை 0-க்கும் 5-க்கும் இடையே போனாலும் அதே எண் பொருந்தும்: 5 வோல்ட் தாவலுக்கு 0.447 வோல்ட் மீறல்.

சுற்றுப்பலகை எழுதியது:

நான் கணிதக்காரன் அல்லன், மின்னணுச் சுற்றுகளைச் சரிபார்ப்பவன். இந்தக் கிப்ஸ் விளைவை ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்க்கிறேன் என்று சொன்னால் உங்கள் மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும். 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை நீளமான கம்பி வழியாக அனுப்பி, மறுமுனையில் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால், ஒவ்வொரு விளிம்பின் உச்சியிலும் ஒரு கொம்பு எழுந்து, பிறகு சிலமுறை நெளிந்து அடங்குகிறது. கம்பி உயர் ஹார்மோனிக்குகளை வெட்டிவிடுவதால் வருவதுதானே இது? குறிப்பில் இதை நடைமுறை எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம்.

தொகையீட்டாளர் எழுதியது:

அதைச் சேர்க்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். வேண்டுமானால் எதிர் எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம். பார்ப்பதற்கு ஒன்று போலவே இருந்தாலும் இரண்டின் காரணங்களும் வேறு.

உங்கள் கம்பியில் வருவது, கம்பியின் மின்தூண்டலும் மறுமுனையின் மின்தேக்கமும் சேர்ந்து அதிர்வதாலோ, முனையில் மின்தடை பொருந்தாமல் அலை திரும்பி வருவதாலோ ஏற்படுவது. அந்த நெளிவு விளிம்புக்குப் பிறகுதான் வரும், ஏனெனில் விளிம்பு வருவதற்கு முன்பே சுற்றுக்கு அதைப் பற்றித் தெரியாது. ஃபூரியே தொடரைப் பாதியில் நிறுத்துவதால் வரும் நெளிவோ விளிம்புக்கு இருபுறமும் சமச்சீராக வரும். அலை −1 இலிருந்து +1-க்கு ஏறும் இடத்தில், ஏறுவதற்கு முன்பு −1.179 வரை ஒரு பள்ளமும், ஏறிய பின் +1.179 வரை ஒரு மேடும் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு சோதனை பெரும்பாலும் போதும். இன்னொன்று, பொருத்தமான மின்தடையை முனையில் வைத்தால் உங்கள் கொம்பு சுருங்கிவிடும். கிப்ஸ் மேட்டை எந்த மின்தடையும் சுருக்காது.

சுற்றுப்பலகை எழுதியது:

கம்பியின் முனையில் 50 ஓம் மின்தடையை வைத்தபோது கொம்பு பெருமளவு அடங்கிவிட்டது, அந்த மட்டில் நீங்கள் சொல்வது பொருந்துகிறது. ஆனால் ஒரு விஷயம் எனக்கு இடிக்கிறது. மின்தடையை வைத்த பிறகும், விளிம்பு ஏறுவதற்குச் சற்று முன்னால் ஒரு சிறிய பள்ளம் திரையில் தெரிகிறது. சுற்றுக்கு முன்கூட்டியே தெரியாது என்றால், அந்தப் பள்ளம் எங்கிருந்து வருகிறது?

தொகையீட்டாளர் எழுதியது:

அது சுற்றிலிருந்து வராமல் கருவியிலிருந்து வரக்கூடும். டிஜிட்டல் ஆசிலாஸ்கோப் தான் எடுத்த மாதிரிப் புள்ளிகளுக்கிடையே வளைவை வரைவதற்கு sin x / x என்ற வடிவத்தைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. மாதிரிகளின் வேகத்துக்கு விளிம்பு மிகவும் கூர்மையாக இருந்தால், அந்த இடைநிரப்பலே விளிம்புக்கு முன்பும் பின்பும் நெளிவை உண்டாக்கும். அது உண்மையிலேயே கிப்ஸ் விளைவின் நெருங்கிய உறவு. இடைநிரப்பலை நிறுத்திவிட்டு, புள்ளிகளை மட்டும் காட்டும் முறையில் பாருங்கள். பள்ளத்தில் புள்ளி எதுவும் விழாமல் இருந்தால் அது கருவி வரைந்த கோடு மட்டுமே.

சுற்றுப்பலகை எழுதியது:

புள்ளிகளை மட்டும் காட்டச் செய்தேன். பெரும்பாலான விளிம்புகளில் பள்ளத்தில் புள்ளி இல்லை, ஆனால் ஒன்றிரண்டில் ஒரு புள்ளி சற்றுக் கீழே கிடக்கிறது. இரைச்சலாக இருக்கலாம், கருவிக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் வடிகட்டியாகவும் இருக்கலாம். வேறொரு ஆசிலாஸ்கோப் கிடைக்கும்போதுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

குறிப்பேடு எழுதியது:

இதுவரை வந்தவற்றை வைத்துப் பாடத்தின் வரிசையைத் தீர்மானித்துவிட்டேன். முதலில் ஒரே சைனுக்கு வீச்சைத் தேடுவது, பிறகு sin 3x-இன் மூன்று புள்ளிகள், பிறகு பழைய வீச்சைத் திருத்த வேண்டியதில்லை என்பது, அதன் பிறகே பொது வாய்பாடு. வீச்சைத் தேடும் அந்த வழியையே n-க்கும் செய்தால் bₙ = (2/π) ∫ sin nx dx, 0 முதல் π வரை, என்பது தானாக வந்து நிற்கிறது; அதன் மதிப்பு ஒற்றைப்படை n-க்கு 4/(nπ), இரட்டைப்படைக்குச் சுழி.

கடைசி வரி மட்டும் இன்னும் நிற்கிறது. இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "உறுப்புகள் கூடக் கூட, தாவல் இல்லாத ஒவ்வொரு x-இலும் கூட்டுத்தொகை சதுர அலையின் மதிப்பை நெருங்கும், தாவும் இடத்தில் அது இரு பக்க மதிப்புகளின் நடுவான சுழியாகவே இருக்கும், ஆனால் தாவலுக்கு மிக அருகே, தாவலின் ஏறத்தாழ 9 சதவீத அளவுக்கு ஒரு மீறல் எத்தனை உறுப்புகளைச் சேர்த்தாலும் எஞ்சும்."

வரைவோன் எழுதியது:

முதல் பாடத்துக்கு இது அதிகம் என்றே இன்னும் நினைக்கிறேன். "ஒவ்வொரு x-இலும் நெருங்கும்" என்று சொல்லிவிட்டு, உடனே "மீறல் எஞ்சும்" என்றால், மாணவர் இரண்டையும் முரணாகவே எடுத்துக்கொள்வார். பிழையின் வர்க்கச் சராசரி சுழியை நோக்கிப் போகிறது என்று மட்டும் சொன்னால் போதாதா? அதற்கு எண்களும் அழகாகவே இருக்கின்றன. முதல் உறுப்பு மட்டுமே சதுர அலையின் ஆற்றலில் 81 சதவீதத்தைப் பிடித்துவிடுகிறது, sin 3x-ஐயும் சேர்த்தால் 90, sin 5x-ஐயும் சேர்த்தால் 93.

தொகையீட்டாளர் எழுதியது:

ஆற்றல் கணக்கைச் சேர்ப்பது நல்லதே. 81 சதவீதம் என்பது 8/π², நாம் முன்பு பார்த்த 0.189 என்ற பிழையின் மறுபக்கம். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். மாணவர் வரைபடத்தைப் போட்டதும் கொம்பைத்தான் முதலில் பார்ப்பார். பார்ப்பதைப் பற்றிக் குறிப்பு ஒன்றும் சொல்லாவிட்டால், நிரலில் தவறு செய்துவிட்டோம் என்றே நினைப்பார், அல்லது உங்களைப் போல 201 புள்ளிகளோடு நிம்மதியடைவார்.

முரண் என்று தோன்றுவதைத் தீர்க்க ஒரு பயிற்சியைக் கொடுக்கலாம். x = 0.1 என்று ஒரு புள்ளியை நிலையாக வைத்துக்கொண்டு, N-ஐ மட்டும் கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். N ஏறத்தாழ 16 ஆகும்போது மேடு, π/32 என்பதால், கிட்டத்தட்ட அந்தப் புள்ளியின் மீதே நிற்கும்; மதிப்பு 1.18 ஆக இருக்கும். N இன்னும் கூடும்போது மேடு அதைக் கடந்து விளிம்பை நோக்கிப் போய்விடும். அந்தப் புள்ளியில் நெளிவுகள் சுருங்கி 1-ஐ நோக்கி வரும். எந்தப் புள்ளியை நிலையாக வைத்தாலும் மேடு ஒருநாள் அதைக் கடந்துவிடும்; ஆனால் எந்த N-இலும் மேடு எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

புதுவரவு எழுதியது:

x = 0.1-ஐ வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். N = 16-இல் 1.18 வந்தது, N = 31-இல் 0.90 வரை இறங்கியது, பிறகு மீண்டும் ஏறியது. ஒரே பக்கமாக நெருங்கும் என்று நினைத்திருந்தேன். குறிப்பில் இந்தப் பயிற்சி இருந்தால் கடைசி வரி எனக்குப் புரிந்திருக்கும். இல்லாமல் படித்தால் வரைவோன் சொல்வது போல் குழம்பித்தான் போயிருப்பேன்.

குறிப்பேடு எழுதியது:

அப்படியானால் பயிற்சியைக் கடைசி வரிக்கு முன்னால் வைத்துவிடுகிறேன், ஆற்றல் சதவீதங்களை sin 5x வரைந்த படத்துக்குக் கீழே கொடுக்கிறேன். வரைவோன் அவர்களுக்கு இன்னும் மறுப்பு இருந்தால் அடுத்த வரைவைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

வரைவோன் எழுதியது:

மறுப்பு இருக்கத்தான் செய்கிறது, பயிற்சிக்கு அன்று, 9 சதவீதத்துக்கு. முதல் பாடத்தில் அந்த எண்ணை நிறுவாமல் கொடுப்பதா, sin t / t தொகையீட்டோடு கொடுப்பதா என்பதையும் முடிவு செய்யுங்கள்.